அடியும் ஏச்சும் இல்லாமல் பிடிவாதக்காரப் பிள்ளையை வழிநடத்தல்

மாந்தை மேற்குக் கரையோரக் கிராமம் ஒன்றில் எமது கள உத்தியோகத்தர் சந்தித்த ஒரு தாயின் கதையிலிருந்து இதனைத் தொடங்குகின்றோம். செட்டிகுளம் முகாமிலிருந்து ஊர் திரும்பிச் சில மாதங்களே ஆகியிருந்த குடும்பம் அது. ஒரு தகரக் கொட்டிலில் தாய், தகப்பன், அம்மம்மா, இரண்டரை வயது மகன், நான்கு மாதக் கைக்குழந்தை என்று ஐந்து பேர் வசித்தனர். தகப்பன் இரவில் தொழிலுக்குப் போய்க் காலையில் வந்து உறங்குவார். தகரம் சூடேறுவதற்கு முன்னர் தாய் சமைத்து முடிக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் மகன் காயப்போட்ட வலையை இழுப்பான், அரிசிச் சட்டிக்குள் மண்ணைப் போடுவான், தங்கச்சியைத் தள்ளிவிடுவான்.

"விடியக்காலமையிலயிருந்து இவன்ர பேரைத்தான் கத்திக்கொண்டிருக்கிறன். கடைசியில கையை நீட்டிப்போடுறன். அடிச்சாப் பிறகு எனக்கும் அழுகை வருது. பத்து நிமிசத்தால திரும்பவும் அதே வேலை" என்றார் அந்தத் தாய்.

எமது உத்தியோகத்தர் உடனே அறிவுரை எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எத்தனை முறை கத்தினீர்கள், எத்தனை முறை அடித்தீர்கள், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது என்பதைக் கவனித்து, ஒவ்வொரு முறைக்கும் தகரத்தில் கரியால் ஒரு கோடு போடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மத்தியானத்துக்குள் கோடுகள் இருபதைத் தாண்டிவிட்டன. ஆனால் தாயைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. ஏறத்தாழ எல்லாக் கோடுகளும் இரண்டு நேரங்களில்தான் விழுந்திருந்தன. ஒன்று அடுப்பு எரியும் நேரம், மற்றது கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம். அதாவது, தாயின் முகம் அவன் பக்கம் இல்லாத நேரங்கள்.

ஏன் அடித்தும் திருந்துவதில்லை?

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு விருப்பம் பெரியது, சொல் சிறியது. வேண்டும் என்பதை உடம்பால்தான் சொல்லும். ஒரு செயலைத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் அந்த வயதில் இன்னும் வளர்ந்து முடியவில்லை. "வலையைத் தொடாதே" என்று நேற்றுச் சொன்னதை அவன் திருப்பிச் சொல்லவும் கூடும். ஆனாலும் வலை கண்முன் கிடக்கும்போது கை போய்விடும். எம்மில் பலர் இதனை வேண்டுமென்றே செய்யும் குழப்படி என்று எடுத்துக்கொள்கின்றோம்.

இன்னொரு காரணமும் உண்டு. சிறு பிள்ளைக்குத் தாயின் கவனமே மிகப் பெரிய பரிசு. தனியாக மண்ணில் அமைதியாக விளையாடும்போது யாரும் அவனைப் பார்ப்பதில்லை, "நல்ல காலம் பேசாமல் இருக்கிறான்" என்று விட்டுவிடுகின்றோம். வலையை இழுத்தவுடன் தாய் திரும்புகிறார், பெயரைச் சொல்லிக் கத்துகிறார், ஓடி வருகிறார். ஏச்சும் கவனம்தான். இப்படி ஒவ்வொரு நாளும் நடந்தால், அம்மாவைக் கூப்பிடும் வழி வலையை இழுப்பதுதான் என்று பிள்ளை பழகிக்கொள்கிறது.

அடி அந்த நிமிடத்தில் வேலை செய்வது உண்மை. பிள்ளை திடுக்கிட்டு நிறுத்திவிடும். அதனால் அடிப்பவருக்கும் அது பழக்கமாகிவிடுகிறது. ஆனால் வலைக்குப் பதிலாக எதைத் தொடலாம் என்பதை அடி சொல்லிக்கொடுப்பதில்லை. கோபம் வந்தால் பெரியவர் சிறியவரை அடிக்கலாம் என்பதை மட்டும் அது காட்டிக்கொடுக்கிறது. இந்த வீட்டில் மகன் தங்கச்சியைத் தள்ளிய விதம், தாய் அவனைத் தள்ளிய விதத்தைப் போலவே இருந்ததை அம்மம்மாதான் முதலில் கண்டார். போகப்போகச் சிறிய அடிக்குப் பிள்ளை அசையாது. அப்போது அடி பெரிதாகும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

முதலில் கிணறும் அடுப்பும்

எந்த முறையைத் தொடங்கும் முன்பும் கொட்டிலையும் வளவையும் பிள்ளையின் உயரத்தில் குந்தியிருந்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மீள்குடியேறிய வளவுகளில் கட்டு இடிந்த கிணறு, தரையோடு இருக்கும் அடுப்பு, குப்பி விளக்கு, தூண்டில் கொழுக்கி, மண்ணெண்ணெய்ப் போத்தல் ஆகியவை பிள்ளைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். கிணற்றை அடைக்கவோ, தடியும் வலைத்துண்டும் கொண்டு வேலி கட்டவோ வேண்டும். கொழுக்கிப் பெட்டியையும் போத்தலையும் கூரை வளையில் தூக்கிக் கட்ட வேண்டும். மிதிவெடி அகற்றப்படாத பகுதி என்று சிவப்புப் பலகை நாட்டியிருந்தால் அந்தப் பக்கம் பிள்ளையை நடமாட விடக்கூடாது.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு அடித்தும் கிணற்றைப் பழக்க முடியாது, அன்பாகச் சொல்லியும் பழக்க முடியாது. ஆபத்து நேரத்தில் செய்யவேண்டியது ஒன்றே: ஓடிப்போய்த் தூக்குங்கள். பலமாகக் கூப்பிட வேண்டி வந்தால் கூப்பிடுங்கள். நாள் முழுவதும் கத்தாத வீட்டில்தான் அந்த ஒரு கூப்பிடுதல் பிள்ளையின் காதில் விழும்.

அந்தத் தாய் செய்த முதல் மாற்றமும் இதுவே. வலை காயப்போடும் கொடியை ஒரு முழம் உயர்த்திக் கட்டினார். மறுநாள் கரிக்கோடுகளில் ஒரு பங்கு தானாகவே குறைந்தது.

திசைதிருப்பல்

பிள்ளை செய்யும் செயலுக்குப் பின்னால் இருக்கும் ஆசையை மறிக்காமல், அதே ஆசைக்கு வேறு இடமும் வேறு பொருளும் கொடுப்பதே திசைதிருப்பல். பலர் இதனை "கவனத்தைக் கலைத்தல்" என்று நினைத்துக் கையில் ஒரு பிஸ்கட்டையோ தொலைபேசியையோ கொடுத்துவிடுகின்றனர். அப்படிச் செய்தால் வலையை இழுத்தால் பிஸ்கட் வரும் என்பதைப் பிள்ளை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடும்.

ஆகவே முதலில் அவன் கை எதைத் தேடுகிறது என்று பாருங்கள். இழுக்க விரும்புகிறவனுக்கு, கயிறு கட்டிய வெற்றுத் தகரப் பேணியை இழுத்துச் செல்லக் கொடுக்கலாம். ஊற்ற விரும்புகிறவனுக்கு, ஒரு சிரட்டையும் கால்வாசி தண்ணீர் உள்ள வாளியும் கொடுத்து, கண்பார்வைக்குள் வைத்திருக்கலாம். விளையாட்டு முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள், சிறிதளவு தண்ணீரும் சிறு பிள்ளைக்கு ஆபத்து. எறிய விரும்புகிறவனுக்குப் பழைய துணியில் ஒரு பந்து சுற்றிக்கொடுத்து, வேலியில் ஒரு இடத்தைக் காட்டி எறியச் சொல்லலாம். தட்ட விரும்புகிறவனுக்குக் கவிழ்த்த சட்டியும் ஒரு தடியும் போதும். இவற்றுக்குக் காசு தேவையில்லை, ஆனால் முதல் நாளே ஒரு கடகத்தில் எடுத்து வைத்திருக்க வேண்டும். சோறு கொதிக்கும்போது தேடப் போனால் கோபம் முந்திவிடும்.

பின்னர் செய்யும் முறை இதுதான். இருந்த இடத்திலிருந்து கத்தாமல் அவனருகே போங்கள். அவன் முகத்துக்கு நேராகக் குந்துங்கள். கையை மெதுவாகப் பிடித்துப் பொருளிலிருந்து எடுங்கள். இரண்டு சிறிய வசனங்கள் போதும், ஒன்று கூடாததைச் சொல்ல வேண்டும், மற்றது செய்யக்கூடியதைச் சொல்ல வேண்டும். அந்தத் தாய் சொன்னது இப்படி: "வலை அப்பான்ர. பேணி உன்ர. வா, பேணியை இழுப்பம்." சொல்லிவிட்டு நின்றுவிடாமல், அவனோடு நான்கு அடி நடந்து பேணியை இழுத்துக் காட்டினார். அவன் தொடங்கியவுடன், "பேணி ஓடுது, நல்லா இழுக்கிறாய் மகன்" என்று சொல்லி முதுகைத் தடவிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார்.

அந்தக் கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். இதுவரை வலைக்குக் கிடைத்த கவனம் இப்போது பேணிக்குக் கிடைக்கிறது. அடுப்பில் நின்றபடியே சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்பி ஒரு சொல் சொன்னாலும் போதும். பால் கொடுக்கும் நேரத்துக்கும் தாய் ஒரு வழி கண்டார். குழந்தையை மடியில் எடுக்கும் முன்பே மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கக் கொடுத்தார். குழப்படி தொடங்கும் நேரம் தெரிந்துவிட்டால், திசைதிருப்பலை அதற்கு முன்னரே செய்யலாம்.

சிறு அமைதி நேரம்

சில செயல்களுக்குத் திசைதிருப்பல் மட்டும் போதாது. மற்றவரை அடித்தல், கடித்தல், குழந்தையைத் தள்ளுதல், சொல்லச் சொல்லப் பார்த்துக்கொண்டே திரும்பச் செய்தல் ஆகியவற்றுக்குச் சிறு அமைதி நேரம் கொடுக்கலாம். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இது விளங்காது. அவர்களைத் தூக்கி இடம் மாற்றித் திசைதிருப்புவதே சரியானது.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர் ஆதர் ஸ்ராட்ஸ் தனது சிறு மகளிடம் இம்முறையைப் பயன்படுத்தி எழுதினார். இதன் பொருள் தண்டனை அல்ல. கவனமும் விளையாட்டும் சிறிது நேரம் நின்றுபோகின்றன, அவ்வளவே. எனவே மற்ற நேரங்களில் கவனமும் விளையாட்டும் கிடைக்காத பிள்ளைக்கு இதனால் எந்த மாற்றமும் வராது. நிற்பாட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

இடம் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். நீங்கள் அவனைப் பார்க்கக்கூடிய, ஆபத்தான பொருள் இல்லாத ஒரு மூலை. இந்த வீட்டில் அது வாசலோரத்தில் விரித்த ஒரு பன்பாய்த் துண்டு. பிள்ளை நல்ல மனநிலையில் இருக்கும்போது ஒருமுறை விளையாட்டாக இருத்திக் காட்டுங்கள்.

அவன் தங்கச்சியைத் தள்ளினால் உடனே, அதே நேரத்தில், "தள்ளக் கூடாது. பாயில இரு" என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிச்சென்று இருத்துங்கள். குரல் சாதாரணமாக இருக்கட்டும். அதன் பிறகு விளக்கம், புத்திமதி, வாதம் எதுவும் வேண்டாம். அழுதால் அழட்டும், நீங்கள் ஓரிரு அடி தள்ளி நின்று உங்கள் வேலையைச் செய்யுங்கள். நேரம் வயதுக்கு ஒரு நிமிடம் என்ற அளவு போதும், இரண்டரை வயதுக்கு இரண்டு நிமிடம். மணிக்கூடு இல்லாவிட்டால் மனதுக்குள் ஆறுதலாக நூற்றிருபது எண்ணுங்கள். நேரத்தைக் கூட்டுவதால் பலன் கூடாது. ஐந்து நிமிடம் கழித்தால் எதற்காக இருக்கிறேன் என்பதையே அவன் மறந்துவிடுவான்.

எழுந்து ஓடினால் பேசாமல் திரும்பக் கூட்டிவந்து இருத்துங்கள். முதல் நாட்களில் நான்கைந்து தரம் இப்படிச் செய்ய வேண்டி வரும். இருக்கவே மறுத்தால் பக்கத்தில் குந்திக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், அரை நிமிடம் அமைதியாக இருந்தாலும் போதும். அமுக்கிப் பிடிப்பதும் இழுபறிப்படுவதும் வேண்டாம்.

நேரம் முடிந்ததும் நீங்களே போய், "முடிஞ்சுது, வா" என்று கூப்பிடுங்கள். "இனிச் செய்வியா? மன்னிப்புக் கேள்" என்று தொடங்கினால் அடுத்த சண்டை அங்கேயே பிறக்கும். தங்கச்சியின் காலை எப்படி மெதுவாகத் தொடுவது என்று அவன் கையைப் பிடித்துக் காட்டுங்கள். அவன் மெதுவாகத் தொட்ட அந்த நொடியில் பாராட்டுங்கள்.

எமது பிள்ளைகளுக்குச் செய்யக்கூடாதவை

அறைக்குள் பூட்டுதல், கட்டிவைத்தல், படலைக்கு வெளியே விடுதல், இருட்டில் விடுதல் ஆகியவை அமைதி நேரம் அல்ல. "அம்மா விட்டிட்டுப் போகப் போறன்", "ஆமியிட்டப் பிடிச்சுக் குடுப்பன்" என்ற பயமுறுத்தலும் எமது பகுதியில் சாதாரணமாகக் கேட்கும் ஒன்று. இடம்பெயர்வின்போது உறவினரைப் பிரிந்த, இழந்த குடும்பங்களில் இந்தச் சொற்கள் வெறும் விளையாட்டல்ல. பிள்ளை அதனை நம்பிவிடும்.

கோபமா, பயமா என்று பிரித்தறிவதும் அவசியம். கோபத்தில் அழும் பிள்ளை இடையிடையே உங்களைப் பார்க்கும், நீங்கள் விலகினால் சத்தம் கூடும். பயத்தில் அழும் பிள்ளை உங்களைப் பற்றிக்கொள்ளும், உடம்பு நடுங்கும், அல்லது விறைத்துச் சத்தமின்றிப் போய்விடும். பயந்த பிள்ளையைப் பாயில் இருத்தாதீர்கள், மடியில் எடுங்கள். அதுபோலவே பசி, நித்திரை, காய்ச்சல் நேரத்து அழுகைக்கும் அமைதி நேரம் மருந்தல்ல. அந்தத் தாயின் மகன் பின்னேரங்களில் காட்டிய பிடிவாதத்தில் பெரும்பகுதி, மத்தியான நித்திரை குழம்பியதால் வந்தது. சூடேறிய தகரக் கொட்டிலை விட்டு, வேப்பமர நிழலில் ஏணை கட்டியபின் அது அடங்கியது.

முதல் வாரம் எப்படி இருக்கும்?

முதல் இரண்டு நாட்கள் தாய் ஓரளவு மகிழ்ச்சியாகவே இருந்தார். மூன்றாம் நாள் மகன் முன்பை விட மோசமானான். உயர்த்திய வலை எட்டாததால் கொடிக் கயிற்றில் தொங்கினான், பாயில் இருந்து உருண்டு கத்தினான். "இது சரிவராது, இவனுக்கு அடிதான் மருந்து" என்றார் தகப்பன். பெரும்பாலான குடும்பங்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான். இதுவரை கத்தினால் கிடைத்த ஒன்று இப்போது கிடைக்காதபோது, பிள்ளை அதைவிடப் பலமாகக் கத்திப் பார்க்கும். அந்த நாளில் விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்ற பாடமே மிஞ்சும்.

இரண்டாவது இடறல் அம்மம்மாவிடமிருந்து வந்தது. பாயில் பேரன் அழுவதைப் பார்க்க முடியாமல் பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கையில் வைத்துத் தூக்கிவிட்டார். தாய் ஏசவில்லை. பாயில் இருத்தும் வேலை தன்னுடையது என்றும், நேரம் முடிந்ததும் கூப்பிட்டு மடியில் வைக்கும் வேலை அம்மம்மாவுடையது என்றும் பிரித்துக்கொடுத்தார். அம்மம்மாவின் அன்புக்கும் இடம் கிடைத்தது, முறையும் குலையவில்லை. தகப்பனுக்கும் ஒரு வேலை இருந்தது. எழும்பிய பிறகு பத்து நிமிடம் மகனோடு கரையில் நண்டு வளை தேடுவது. அந்தப் பத்து நிமிடம் குழப்படி செய்த நாளிலும் பறிக்கப்படவில்லை.

இரண்டாம் வார முடிவில் மகன் திடீரென்று அடங்கிய பிள்ளையாக மாறிவிடவில்லை. காலையில் ஐந்தாறு தடவை திசைதிருப்ப வேண்டியிருந்தது, பாய் நாளுக்கு ஒருமுறை பயன்பட்டது. ஆனால் கரிக்கோடுகள் ஒன்றிரண்டாகக் குறைந்திருந்தன. ஒருநாள் வலையருகே போய் நின்று, "அப்பான்ர" என்று தானே சொல்லிவிட்டுப் பேணியை எடுக்கப் போனான். முன்னேற்றத்தை இப்படித்தான் அளக்க வேண்டும். அழுகை நின்றதா என்று பார்க்காதீர்கள். தள்ளுதலும் அடித்தலும் வாரத்துக்கு வாரம் குறைகிறதா, அமைதியாகும் நேரம் சுருங்குகிறதா என்று பாருங்கள்.

உங்கள் கை ஓங்கும்போது

நீங்களும் களைத்துப்போன ஒருவர்தான். கை ஓங்குகிறது என்று உணர்ந்தால் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் இருத்தி, அல்லது வீட்டில் உள்ள ஒருவரிடம் கொடுத்து, வாசலுக்கு வந்து முகம் கழுவி ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். அமைதி நேரம் தாய்க்கும் உரியது. கத்திவிட்டால் அல்லது அடித்துவிட்டால், அமைதியான பின் "அம்மா கத்திப்போட்டன், அது பிழை" என்று சொல்லி அணைத்துக்கொள்ளுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது.

எப்போது உதவி நாட வேண்டும்?

நான்கைந்து வாரம் எல்லோரும் ஒரேமாதிரி நடந்தும் மாற்றம் இல்லையென்றால், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காவிட்டால், இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டால், பேசிய சொற்களை இழந்துவிட்டால், இரவில் அலறி எழுந்தால், தன்னைத்தானே காயப்படுத்தினால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். காது கேளாமை பிடிவாதம் போலத் தோன்றும். முகாமிலோ இடம்பெயர்விலோ பதிவேடு தொலைந்திருந்தால் அதனையும் அவரிடமே தெரிவியுங்கள்.

தொடர்ந்து சோகமாக இருக்கும், பிள்ளைகளைக் காயப்படுத்திவிடுவேனோ என்று பயப்படும் தாய், தகப்பனும் அதே கிளினிக்கில் கதைக்கலாம். ஒரு பிள்ளை காயம் வரும்படி அடிக்கப்படுவதை அறிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

நாளைக் காலையில் ஒரு கரித்துண்டும் ஒரு கடகமும் எடுத்து வையுங்கள். முதல் நாளில் கோடுகளை மட்டும் போடுங்கள். எந்த நேரத்தில் அவை விழுகின்றன என்று தெரிந்தபின் கடகத்தை அந்த நேரத்துக்குச் சற்று முன்னர் திறவுங்கள்.